மூணு சார்ஜர் போச்சு, ஸ்டெபிலைசர் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் ஊரில் கரண்ட் அடிக்கடி போய்ப் போய் வரும். இந்த வருஷம் மட்டும் மூணு போன் சார்ஜர் போய்விட்டது. சாயங்காலம் ஆனால் லோ வோல்டேஜ். சில நாள் கரண்ட் வந்ததும் ஃபேன் தலைதெறிக்கச் சுற்றுகிறது, ஜீரோ வாட் பல்பு பளீரென்று எரிகிறது. அதே நேரம் எதிர் வீட்டில் ஃபேன் நகரவே மாட்டேன் என்கிறதாம். கடையில் கேட்டால் ஸ்டெபிலைசர் போடுங்கள் என்கிறார்கள். போடலாமா?
(வாசகி, திருவாரூர் மாவட்டம்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் கடிதத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமானது எதிர் வீட்டு ஃபேன் பற்றிய வரிதான். அதற்கு வருவதற்கு முன்னால், சார்ஜர் எதனால் சாகிறது என்று பார்த்துவிடுவோம்.

செத்துப்போன சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். இன்புட் 100 முதல் 240 வோல்ட் வரை என்று இருக்கும். அதாவது சாயங்காலம் உங்கள் வீட்டில் 150 வோல்ட்தான் வருகிறது என்றாலும் சார்ஜருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் அந்த வோல்டேஜில் முனகும், மோட்டார் சூடேறும். சார்ஜர் மட்டும் பாட்டுக்கு வேலை செய்யும். லோ வோல்டேஜில் சார்ஜர் போனது என்று சொல்பவர்கள் வீட்டில் பெரும்பாலும் நடந்திருப்பது, லோவுக்குப் பிறகு வந்த ஹை.

ஹையில் என்ன ஆகிறது? சார்ஜருக்குள் சுண்டு விரல் நுனி அளவில் உருளையாக ஒரு கெபாசிட்டர் இருக்கும். வரும் கரண்டை நேர்மின்சாரமாக்கி முதலில் அதில்தான் நிரப்புகிறார்கள். நாம் 230 வோல்ட் என்று சொல்லும் மின்சாரத்தின் அலை ஒவ்வொரு முறையும் 325 வோல்ட் வரை ஏறி இறங்கும். கெபாசிட்டர் அந்த உச்சிவரை நிரம்பும். அதன் மேல் பெரும்பாலும் 400 வோல்ட் என்று எழுதியிருக்கும். கணக்குப் போட்டால், வீட்டுக்கு வரும் கரண்ட் 283 வோல்ட்டைத் தொடும்போது கெபாசிட்டர் தன் எல்லையைத் தொட்டுவிடுகிறது. 350 வோல்ட் வந்தால் உள்ளே 495 ஆகிவிடும். ஒன்று கெபாசிட்டரின் தலை உப்பி வெடித்துப் பழுப்பு நீர் கசியும்; இல்லையென்றால் பக்கத்தில் இருக்கும் சுவிட்ச் செய்யும் சிப் போய், நுழைவாயிலில் உள்ள சின்ன ரெஸிஸ்டர் கருகும். மூடியைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்த நாற்றம் மறக்காது.

இனி எதிர் வீட்டு ஃபேன். தெருக் கம்பத்தில் மூன்று பேஸ், ஒரு நியூட்ரல் ஓடுகிறது. உங்கள் வீடு ஒரு பேஸில் இருக்கும், எதிர் வீடு இன்னொன்றில். இரண்டு வீட்டு கரண்டும் திரும்பிப் போகும் வழி அந்தப் பொது நியூட்ரல். கம்பத்திலோ டிரான்ஸ்பார்மரிலோ அதன் ஜாயின்ட் தளர்ந்தால் அல்லது அறுந்தால், திரும்பும் வழி இல்லாமல் இரண்டு வீடும் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு பேஸுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். அந்த இரண்டு பேஸுக்கு நடுவே இருப்பது 400 வோல்ட். அதைப் பிரித்துக்கொள்ளும்போது குறைவாகக் கரண்ட் இழுக்கும் வீட்டுக்குத்தான் அதிக வோல்டேஜ் போகும். உங்கள் வீட்டில் அப்போது 100 வாட் அளவுக்கு ஃபேனும் விளக்கும், எதிர் வீட்டில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியும் ஓடுவதாக வைத்துக்கொண்டால், உங்களுக்குச் சுமார் 364 வோல்ட், அவர்களுக்கு வெறும் 36. தெருவில் இன்னும் பல வீடுகள் இருப்பதால் நிஜத்தில் இவ்வளவு முனைக்குப் போகாமல் இருக்கலாம். ஆனால் 300 தாண்டினாலே சார்ஜருக்குப் போதும்.

உங்கள் வீட்டில் ஃபேன் ஓட, எதிர் வீட்டில் ஃபேன் நிற்க, இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பது நியூட்ரல் கோளாறுக்கான தெளிவான அடையாளம். வெறும் லோ வோல்டேஜ் என்றால் தெரு முழுக்க மங்கும். காற்றடிக்கும்போது இது கூடுகிறதா என்றும் கவனியுங்கள். தளர்ந்த ஜாயின்ட் காற்றில் ஆடும்போதுதான் விட்டு விட்டுத் தொடும். உங்கள் வீட்டுக்கு மட்டும் வரும் சர்வீஸ் வயரில் நியூட்ரல் அறுந்தால் இப்படி ஆகாது, சிங்கிள் பேஸ் வீடாக இருந்தால் கரண்டே இல்லாமல் போகும். ஆகவே கோளாறு உங்கள் வீட்டுக்கு வெளியே, பொது லைனில் இருக்கிறது.

அடுத்த முறை ஃபேன் அப்படிச் சுற்றினால் எதையும் யோசிக்காமல் மெயினை ஆஃப் செய்யுங்கள். எதிர் வீட்டுக்காரர்களையும் செய்யச் சொல்லுங்கள். பிறகு மின்னகத்தின் 94987 94987 எண்ணிலோ பிரிவு அலுவலகத்திலோ புகார் கொடுங்கள். கொடுக்கும்போது "லோ வோல்டேஜ்" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் டிரான்ஸ்பார்மர் லோடு பிரச்சினை என்று வரிசையில் போட்டுவிடுவார்கள். "நியூட்ரல் விட்டு விட்டுத் தொடுகிறது, ஒரு வீட்டில் ஹை, எதிர் வீட்டில் லோ" என்று சொல்லுங்கள். லைன்மேனுக்கு எந்தக் கம்பத்தில் ஏற வேண்டும் என்று புரிந்துவிடும். முடிந்தால் ஒரு எலக்ட்ரீஷியனை வைத்து இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் மீட்டரில் அளந்து எழுதி வையுங்கள். ஒன்று ஏற ஏற மற்றது இறங்கினால் அதற்கு மேல் ஆதாரம் வேண்டாம்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நியூட்ரல் சரியில்லை என்றால் வீட்டு எர்த் கம்பியை நியூட்ரலாகப் பயன்படுத்திக்கொள்ளும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. யார் சொன்னாலும் செய்ய விடாதீர்கள். எர்த் காய்ந்திருக்கும் நாளில் கிரைண்டர், ஃபிரிட்ஜ் என்று எதன் மேல்பாகத்தைத் தொட்டாலும் ஷாக் அடிக்கும். உயிர் போகும் விஷயம்.

இப்போது என்ன வாங்கலாம் என்ற கேள்விக்கு வரலாம். கடைகளில் மூன்று சாமான்களையும் ஒன்றுபோலப் பேசுகிறார்கள், மூன்றின் வேலையும் வேறு வேறு.

ஸ்டெபிலைசர் உள்ளே இருக்கும் ரிலேக்களை டக் டக்கென்று மாற்றி, குறைந்த வோல்டேஜை ஏற்றியும் கூடியதை இறக்கியும் கொடுக்கும். அது ஃபிரிட்ஜுக்கும் ஏ.சி.க்கும் தேவையான பொருள். ரிலே மாறவே கொஞ்ச நேரம் எடுக்கும் என்பதால், கரண்ட் வரும் நொடியில் பாயும் ஸ்பைக்கை அது பார்ப்பதற்குள் ஸ்பைக் கடந்து போயிருக்கும். ஹை கட்டாஃப் உள்ள ஸ்டெபிலைசர் என்றால் நீடித்த ஹை வோல்டேஜில் அணைத்துவிடும், அதுவரை நல்லது. ஆனால் சார்ஜருக்காகவே ஒன்றை வாங்குவது தண்டச் செலவு.

ஸ்பைக் பஸ்டர் என்று விற்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குள் வேரிஸ்டர் என்று ஒரு பட்டன் மாதிரிப் பொருள் இருக்க வேண்டும். வோல்டேஜ் ஒரு எல்லைக்கு மேல் பாய்ந்தால் அது வழிவிட்டு, அந்தப் பாய்ச்சலைத் தன் வழியே திருப்பிவிடும். ஸ்பைக்குக்கு இதுதான் சரியான காவல். பாக்ஸின் அட்டையில் எத்தனை ஜூல் தாங்கும் என்று எண் போட்டிருக்கிறதா பாருங்கள். போடவில்லை என்றால், அது பெரும்பாலும் வெறும் ஃப்யூஸ் வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான். ஒவ்வொரு அடிக்கும் வேரிஸ்டர் கொஞ்சம் தேயும். பாதுகாப்பு இருக்கிறது என்று காட்டும் விளக்கு அதில் இருந்து, அது அணைந்துவிட்டால் பாக்ஸை மாற்றிவிட வேண்டும். உங்கள் வீட்டுப் பிரச்சினையில் இதற்கு ஒரு பெரிய வரம்பு உண்டு: நியூட்ரல் போய் 350 வோல்ட் நிமிடக்கணக்கில் நின்றால் வேரிஸ்டர் தாங்காது, சூடேறிக் கருகும். அதனால் பாக்ஸை மெத்தை மேலோ துணி பக்கத்திலோ வைக்காதீர்கள்.

உங்களுக்கு வேண்டியது மூன்றாவது: ஓவர் வோல்டேஜ், அண்டர் வோல்டேஜ் புரொடெக்டர். மெயின் சுவிட்சுக்கு அடுத்து எம்.சி.பி. பெட்டியிலேயே எலக்ட்ரீஷியன் பொருத்துவார். வோல்டேஜ் எல்லை மீறினால் வீடு முழுவதையும் துண்டித்து, சரியானதும் தானாகச் சேர்த்துக்கொள்ளும். வாங்கும்போது 440 வோல்ட் வந்தாலும் அது எரியாமல் நிற்குமா என்று கேளுங்கள். நிற்காது என்றால் உங்களுக்கு அதனால் பயன் இல்லை. மேல் எல்லையை 260 வோல்ட்டில் வையுங்கள். கீழ் எல்லையில்தான் பலர் தவறுகிறார்கள். 180 என்று வைத்துவிட்டு, சாயங்காலம் 160 வந்ததும் வீடே இருண்டு கிடக்கும், எரிச்சலில் அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். சாயங்காலம் எவ்வளவு வருகிறது என்று அளந்து, அதற்குக் கொஞ்சம் கீழே வையுங்கள். ஃபிரிட்ஜுக்குத் தனி ஸ்டெபிலைசர் போட்டுக்கொள்ளலாம். மீண்டும் சேரும் நேரத்தை மூன்று நிமிடம் என்று வைத்தால் கம்ப்ரஸருக்கும் நல்லது, கரண்ட் வந்தவுடன் நடக்கும் குதியாட்டமும் அடங்கியிருக்கும்.

இது பொருத்தும்வரை செலவில்லாத ஒரு வழி, கரண்ட் போனதும் சார்ஜரைப் பிளக்கிலிருந்து கழற்றுவது. சுவிட்சை மட்டும் அணைத்தால் போதும் என்றிருக்காமல் கழற்றியே விடுங்கள். இடி இடிக்கும்போதும் அப்படியே. பக்கத்தில் விழும் மின்னலை மேலே சொன்ன எந்தச் சாமானும் முழுசாகத் தடுக்காது.

கேள்வி: 150 ரூபாய் சார்ஜர், கம்பெனி சார்ஜர் எல்லாம் உள்ளே ஒன்றுதான் என்கிறார் கடைக்காரர். உண்மையா?
(வாசகர், கரூர்)

பதில்: இல்லை. விலை குறைக்க முதலில் கைவைப்பது நுழைவாயில் பக்கத்தில்தான். ஸ்பைக்கை வாங்கிக்கொள்ளும் வேரிஸ்டர் இருக்காது, ஃப்யூஸுக்குப் பதில் சாதாரண ரெஸிஸ்டர், கெபாசிட்டரும் அடிமட்ட ரகம். அதைவிடக் கவலை தருவது, 230 வோல்ட் பக்கத்துக்கும் போன் பக்கத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி. அதில் மிச்சம் பிடித்தால், உள்ளே ஏதாவது கருகும் நேரத்தில் மின்சாரம் கேபிள் வழியே போனுக்கும், அதைப் பிடித்திருக்கும் கைக்கும் வந்துவிடும். நல்ல சார்ஜர் செத்தாலும் தான் மட்டும் சாகும்.

நம் நாட்டில் விற்கும் அடாப்டர்களுக்கு பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம். சார்ஜர் மேலேயே 'ஆர்' என்ற எழுத்தும் ஒரு கோடும் எட்டு இலக்க எண்ணும் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால், எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த எண் என்று வரும். முத்திரை இருக்கிறது என்று மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள், முத்திரையைப் போலியாக அச்சடிப்பது சுலபம். செயலியில் வரும் பெயரும் சார்ஜர் மேல் இருக்கும் பெயரும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் 150 ரூபாய்க்கு மட்டுமல்ல, 50 ரூபாய்க்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பில் கேட்டு வாங்குங்கள்; பில் தர மறுக்கும் கடையில் வாரன்டியும் கிடைக்காது.