ஆங்கிலத்தின் உணவு மரபுத்தொடர்களுக்குப் பொருள் காண்பது எப்படி?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல்களில் ‘பீஸ் ஆஃப் கேக்’, ‘பிரெட் அண்ட் பட்டர்’ போன்ற தொடர்கள் வருகின்றன. ஒவ்வொரு சொல்லும் தெரிகிறது, மொத்தத்தில் என்ன சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. பட்டியல் எழுதி மனப்பாடம் செய்தாலும் மறந்துவிடுகிறது. நாமே யோசித்துப் பொருள் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

பதில்: வழி இருக்கிறது. ஆனால் நீங்கள் குறிப்பிட்ட இரண்டு தொடர்களும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். இரண்டிலும் உணவு இருப்பதால் ஒரே முறையில் அணுகத் தோன்றும். உண்மையில் ஒன்றின் பொருளை அதிலுள்ள உணவைக் கொண்டே ஓரளவு ஊகிக்கலாம். மற்றொன்றின் பொருளைச் சுற்றியுள்ள வாக்கியங்கள் மட்டுமே சொல்லும்.

‘பிரெட் அண்ட் பட்டர்’ என்பது முதல் வகை. ரொட்டி ஐரோப்பியர்களின் அடிப்படை உணவு என்பதால், ஆங்கிலத்தில் அது நெடுங்காலமாகப் பிழைப்பையும் வருமானத்தையும் குறித்து நிற்கிறது. குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போடுபவர் ‘பிரெட்வின்னர்’ எனப்படுகிறார்; ஒருவருடைய பிழைப்பைக் கெடுப்பதை, அவர் வாயிலிருந்து ரொட்டியைப் பிடுங்குவதாகச் சொல்கிறார்கள். கிறித்தவர்களின் முதன்மையான இறைவேண்டலில் ‘அன்றாட ரொட்டி’ என்று ஆங்கிலம் கூறும் இடத்தில், தமிழ் வேதாகமம் ‘எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்’ என்று ரொட்டியை விட்டுவிட்டு அதன் கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. நாமும் ‘இந்தத் தொழில்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது’ என்று சொல்கிறோம், ‘வயிற்றில் அடிக்காதே’ என்கிறோம். ஆகவே ரொட்டி இருக்கும் இடத்தில் சோற்றை வைத்துப் பார்த்தாலே ‘பிரெட் அண்ட் பட்டர்’ என்பதன் பொருளுக்கு, அதாவது ஒருவருக்கு நிலையாக வருமானம் தரும் தொழில் அல்லது பொருள் என்பதற்கு, வெகு அருகில் வந்துவிடலாம்.

கேக் அப்படிப்பட்டதன்று. ‘பீஸ் ஆஃப் கேக்’ என்றால் மிக எளிதான வேலை. ‘சூடான கேக்குகள் போல் விற்பது’ என்றால் விரைந்து விற்றுத் தீர்வது. ‘கேக்கின் மேல் ஐசிங்’ என்றால் ஏற்கெனவே உள்ள நன்மைக்கு மேல் வந்து சேரும் கூடுதல் நன்மை. கேக்கை வைத்திருக்கவும் வேண்டும், தின்னவும் வேண்டும் என்பது ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு நன்மைகளுக்கு ஒருசேர ஆசைப்படுவது. இவற்றையெல்லாம் அடுக்கிப் பார்த்தாலும் கேக்குக்கு இன்னதுதான் பொருள் என்று சொல்ல முடியாது. தமிழிலும் ‘அல்வா சாப்பிடுவது போல’ என்றால் எளிது, ‘அல்வா கொடுத்துவிட்டான்’ என்றால் ஏமாற்றிவிட்டான். அல்வாவின் இனிப்பைப் பற்றி எவ்வளவு யோசித்தாலும் இரண்டாவது பொருள் வந்து சேராது. ‘பீஸ் ஆஃப் கேக்’ இந்தப் பொருளில் 1930களிலிருந்து அச்சில் கிடைக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படையினர் இதைப் பெரிதும் வழங்கினர். அதன் தோற்றம் குறித்துப் பல விளக்கங்கள் சொல்லப்பட்டாலும், அவற்றில் எதுவும் முதல்முறை படிப்பவருக்குப் பொருளைக் காட்டிக்கொடுக்காது.

எனவே எந்தத் தொடரைக் கண்டாலும், உணவின் படத்தை மனத்தில் வரைவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் செய்ய வேண்டியதை, உங்கள் தொழிலுக்கு ஏற்ப நான் அமைத்த ஒரு மாதிரி மின்னஞ்சலைக் கொண்டு விளக்குகிறேன். வாடிக்கையாளர் இவ்வாறு எழுதுவதாகக் கொள்வோம்: “லேபிளை இடம் மாற்றித் தைப்பது உங்கள் ஆட்களுக்கு எ பீஸ் ஆஃப் கேக், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. ஆனால் துணியின் எடையளவான ஜிஎஸ்எம் குறையக் கூடாது. வட்டக் கழுத்து டி-ஷர்ட் எங்கள் பிரெட் அண்ட் பட்டர். புதிய வடிவங்கள் வரும், போகும். ஆண்டு முழுவதும் விற்பது இதுதான்.”

முதலில், நேர்ப்பொருள் பொருந்துகிறதா என்று பாருங்கள். லேபிள் தைப்பது கேக் துண்டாக இருக்க முடியாது, டி-ஷர்ட் ரொட்டியாகவும் முடியாது. இங்கேயே, சொற்களைத் தனித்தனியாக மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட வேண்டும். அடுத்து, அந்தத் தொடர் எதைப் பற்றிச் சொல்லப்படுகிறது என்று பாருங்கள். ‘பீஸ் ஆஃப் கேக்’ இங்கே ஒரு செயலைப் பற்றிய கருத்தாக வந்திருக்கிறது. ‘பிரெட் அண்ட் பட்டர்’ ‘எங்கள்’ என்ற உடைமைச் சொல்லுடன் சேர்ந்து ஒரு விற்பனைப் பொருளைப் பற்றி வந்திருக்கிறது. செயலைப் பற்றிய கருத்து என்றால் அது எளிது, கடினம், அவசரம், வீண் என்பன போன்ற சிலவற்றுள் ஒன்றாகத்தான் இருக்கும். பிறகு அடுத்த வாக்கியத்தைப் படியுங்கள். ‘ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது’ என்பது ‘கடினம்’ என்பதை நீக்கிவிடுகிறது. ‘ஆனால்’ என்று தொடங்கும் வாக்கியம் கவலைப்பட வேண்டிய செய்தி இனிமேல்தான் வருகிறது என்று காட்டுவதால், முன்னே சொன்னது கவலை இல்லாதது என்றாகிறது. எளிது என்ற முடிவுக்கு கேக்கைப் பற்றி யோசிக்காமலேயே வந்துவிட்டோம். அதேபோல் ‘ஆண்டு முழுவதும் விற்பது இதுதான்’ என்ற விளக்கம், டி-ஷர்ட்தான் அவர்களுடைய நிலையான வருமானம் என்று சொல்லிவிடுகிறது. ரொட்டியும் சோறும் பற்றிய நம் அறிவு அதை உறுதிப்படுத்துகிறது.

1999இல் டாமஸ் கூப்பர் என்ற ஆய்வாளர், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் பயிலும் 18 பேரிடம் 20 மரபுத்தொடர்களைக் கொடுத்து, பொருள் தேடும்போது மனத்தில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் செய்தார். அவர்கள் மிகுதியாகக் கையாண்ட வழியும், சரியான விடைக்கு மிகுதியாக இட்டுச்சென்ற வழியும், சூழலைக் கொண்டு ஊகிப்பதே. சொற்களின் நேர்ப்பொருளைப் பற்றிக்கொண்டு செல்வது அந்த அளவுக்கு உதவவில்லை.

இந்த இடத்தில் ஒரு மயக்கத்தைப் பற்றி எச்சரிக்க விரும்புகிறேன், ஏனெனில் கற்பிப்பவர்களே இதில் அடிக்கடி விழுகிறார்கள். பொருள் தெரிந்த பிறகு, எந்த மரபுத்தொடரும் ‘இது அப்படித்தானே இருக்க வேண்டும்’ என்று தோன்றும். கேக் சாப்பிடுவது எளிது, ஆகவே எளிதான வேலை கேக் துண்டு என்று விளக்கிவிடுவோம். போவாஸ் கெய்சர், பிரிட்ஜெட் பிளை என்ற இருவர் 1995இல் வெளியிட்ட ஆய்வில், ‘வாத்து உயரத்தில் தொங்குகிறது’ என்ற பொருள்பட அமைந்ததைப் போன்ற, வழக்கொழிந்த ஆங்கிலத் தொடர்களை ஆங்கிலம் பேசுவோருக்கே கற்பித்தார்கள். அந்தத் தொடரின் உண்மையான பொருள் நிலைமை நன்றாக இருக்கிறது என்பது. சிலருக்கு அதையும், சிலருக்கு அதற்கு நேரெதிரான பொருளையும் கற்பித்தபோது, இரு சாராரும் தாம் கற்ற பொருளே அச்சொற்களுக்கு இயல்பாகப் பொருந்துகிறது என்று கருதினார்கள். ஆகவே ஒரு விளக்கம் மனத்துக்குப் பொருத்தமாகப் படுவதாலேயே உங்கள் ஊகம் சரி என்று முடிவுசெய்யாதீர்கள். அகராதியைப் பார்த்துச் சரிபாருங்கள். கற்போருக்கான ஆங்கில அகராதிகளில், பீஸ் அல்லது கேக் என்ற முதன்மைச் சொல்லின் பதிவுக்குள் மரபுத்தொடர்ப் பகுதியில் ‘பீஸ் ஆஃப் கேக்’ இருக்கும்.

தமிழின் துணையைக் கொள்வதிலும் இதே கவனம் தேவை. ரொட்டிக்குச் சோறு உதவியது, உப்பு உதவாது. ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்று வளர்ந்த நமக்கு, ஒருவர் ‘வர்த் ஹிஸ் சால்ட்’ என்று படித்தவுடன் நன்றியுள்ளவர், விசுவாசமானவர் என்றுதான் தோன்றும். ஆங்கிலத்தில் அதன் பொருள், வாங்கும் சம்பளத்துக்குத் தகுந்த திறமை உள்ளவர் என்பது. ஒரு தையல் மேற்பார்வையாளரைப் பற்றி வாடிக்கையாளர் அவ்வாறு எழுதினால், அவருடைய நேர்மையையன்று, வேலைத்திறனையே பேசுகிறார். ஒரு செய்தியை ‘ஒரு சிட்டிகை உப்புடன்’ எடுத்துக்கொள்ளச் சொன்னால், அதை முழுமையாக நம்பிவிட வேண்டாம் என்று பொருள்.

வடிவத்தில் ஏற்படும் சிறு மாற்றமும் பொருளை மாற்றிவிடும். ‘எ பீஸ் ஆஃப் கேக்’ என்றால் எளிது. ‘எ ஸ்லைஸ் ஆஃப் தி கேக்’ என்று, கேக்குக்கு முன் ‘தி’ சேர்ந்து வந்தால், லாபத்திலோ சந்தையிலோ ஒரு பங்கு என்று பொருள். ஐரோப்பியச் சந்தையில் தங்களுக்கும் ஒரு ‘ஸ்லைஸ்’ வேண்டும் என்று எழுதுபவர் எளிமையைப் பற்றிப் பேசவில்லை. ‘பிரெட் அண்ட் பட்டர்’ தொடரிலும், இணைப்புக்குறிகளோடு ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன் வந்தால் பொருள் சற்று நகரும்: தேர்தல் செய்திகளில் ‘பிரெட்-அண்ட்-பட்டர் இஷ்யூஸ்’ என்பவை விலைவாசி, வேலை, கூலி போன்ற அன்றாட வாழ்க்கைப் பிரச்சினைகள்; ‘பிரெட்-அண்ட்-பட்டர் லெட்டர்’ என்பது விருந்தோம்பலுக்கு நன்றி கூறி எழுதும் மடல்.

மனப்பாடம் செய்தது மறப்பதற்குக் காரணம், பட்டியலில் தொடரும் பொருளும் மட்டும் இருப்பதே. பெல்ஜியத்தில் டச்சு மொழி பேசும் மாணவர்களிடம் ஃபிராங்க் பூர்ஸும் உடனாய்வாளர்களும் நடத்திய ஆய்வுகளில், ஒரு தொடர் எந்தத் துறையிலிருந்து பிறந்தது என்று சிந்தித்துப் பார்த்தவர்கள் அதை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். நான் உணவுப் படத்தைக் கடைசிக்குத் தள்ளியது இதற்காகத்தான்: பொருளைக் கண்டுபிடிக்க அது நம்பத்தகாத வழிகாட்டி, கண்டுபிடித்த பொருளை நிறுத்திவைக்க அது நல்ல துணை. குறிப்பேட்டில் மின்னஞ்சலில் வந்த முழு வாக்கியத்தையும் எழுதி, ‘எ’, ‘தி’, ‘எங்கள்’ போன்ற சிறு சொற்களை அடிக்கோடிட்டு, கீழே சரிபார்த்த பொருளையும், கடைசியில் அதற்கான படத்தையோ நெருங்கிய தமிழ் வழக்கையோ எழுதிவையுங்கள்.

பதில் எழுதும்போது இத்தொடர்களைத் திருப்பிப் பயன்படுத்த அவசரப்பட வேண்டாம். ‘பீஸ் ஆஃப் கேக்’ பேச்சு வழக்கைச் சேர்ந்தது. ஒப்பந்தத்திலோ தரப் புகாருக்கான விளக்கத்திலோ பொருந்தாது. சூழலும் அகராதியும் ஐயத்தைத் தீர்க்காத நிலையில், அந்த வாக்கியத்தை நம்பி ஓர் ஆர்டர் நகர வேண்டியிருந்தால், நீங்கள் புரிந்துகொண்டதை மரபுத்தொடர் இல்லாத எளிய ஆங்கிலத்தில் எழுதி உறுதிப்படுத்தக் கேளுங்கள்: “லேபிள் மாற்றத்துக்குக் கூடுதல் நாட்கள் தேவையில்லை என்று எடுத்துக்கொள்கிறோம், சரிதானா?”