"அடாப்டட் ஃப்ரம்"னு போட்டீங்கன்னா எதை மாத்தினீங்கன்னு சொல்லத் தெரியணும்

கேள்வி: எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்ல டெக்ஸ்ட்புக் படம் ஒண்ண நானே திரும்ப வரைஞ்சு கீழ "அடாப்டட் ஃப்ரம்"னு புத்தகப் பேர் போட்டுட்டேன். ஃப்ரெண்ட் இதுவும் காப்பிதான்ங்கறான். நானே வரைஞ்சது எப்படிங்க காப்பி ஆகும்?

நீங்க கடைசி வாரத்துல இருக்கீங்க, கைடு கையெழுத்துக்கு அவசரப்படுத்தறாரு, ப்ரிண்ட் எடுக்கறதுக்கு முன்னாடி இது ஒண்ணு உறுத்துதுன்னு நெனைக்கிறேன். நானும் அந்த இடத்துல நின்னவன்தான், அதனாலதான் எழுதறேன். முன்னாடியே சொல்லிடறேன், நான் வக்கீல் இல்ல, விலங்கியல் பாடம் எடுக்கறவன். சட்டம் படிச்சவங்க தப்பு இருந்தா திருத்துங்க, சண்டைக்கு வராதீங்க.

எங்களுக்கு மாரண்டஹள்ளி பக்கம். மாமா வீட்டுல மல்பெரித் தோட்டம், புழு மனை எல்லாம் இருந்துச்சு, தருமபுரி மார்க்கெட்டுக்குக் கூடு கொண்டு போவோம். அதனால ப்ராஜெக்ட்டும் பட்டுப்புழு வளர்ப்புலயே எடுத்தேன். மூணாவது படமா வாழ்க்கைச் சுழற்சி வெக்கணும். டெக்ஸ்ட்புக்ல ஒரு வட்டம், முட்டை, புழு, கூடு, அந்துப்பூச்சின்னு அம்புக்குறியோட இருந்துச்சு. ட்ரேஸிங் பேப்பர வெச்சு பென்சில்ல எடுத்து, மேல இங்க் பேனா ஓட்டி, ஸ்கேன் பண்ணி, எழுத்தெல்லாம் கம்ப்யூட்டர்ல டைப் அடிச்சு ஒட்டினேன். மூணு ராத்திரி போச்சு. கீழ "அடாப்டட் ஃப்ரம்"னு புத்தகம், ஆசிரியர், வருஷம் எல்லாம் போட்டேன். நேர்மையாத்தான் செஞ்சிருக்கேன்னு மனசார நம்பினேன்.

வைவாவுல வெளியில இருந்து வந்த எக்ஸாமினர் அந்தப் பக்கத்தப் பிரிச்சு வெச்சுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. "இதுல நீ எதை அடாப்ட் பண்ணினே?" நான் வரைஞ்சேன் சார்னேன். "வரைஞ்சது தெரியுது, எதை மாத்தினே?" பதில் இல்ல. அடுத்து ரெண்டு பக்கம் தள்ளி என் அட்டவணையக் காட்டினாரு. படத்துல புழுப் பருவம் முப்பதுல இருந்து முப்பத்தஞ்சு நாள்னு இருக்கு, அட்டவணையில நானே நோட்டுல குறிச்சுவெச்சது 24 நாள். "இது ரெண்டுல எது உன்னோடது?"னு கேட்டாரு. மாமா மனையில ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து எழுந்து தோலுரிப்பு பாத்துக் குறிச்ச கணக்கு அது. அதுக்கு மேல போய் எங்கயோ வேற இனத்துக்கு, வேற சீதோஷ்ணத்துக்கு எழுதின நாளக் கொண்டுவந்து என் கையாலயே ஒட்டிவெச்சிருக்கேன். கோடு கோடா ட்ரேஸ் எடுக்கறப்ப கை மட்டும்தான் வேலை செய்யுது, படத்த யாரும் படிக்கறதில்ல, அதான் நடந்தது.

உங்க ஃப்ரெண்ட் சொல்றது பாதி சரி. கை உங்களோடதா இருக்கலாம், ஆனா எதை எங்க வெக்கணும், எந்தப் பக்கம் வெட்டிக் காட்டணும், எதை விடணும், எந்தப் பேர் எங்க வரணும்னு முடிவு பண்ணினது அந்தப் புத்தகக்காரர். அந்த முடிவெல்லாம் அப்படியே இருக்கறப்ப பேனாவ மாத்தினதால அது வேற படம் ஆயிடாது. அதுக்கு நேர்மையான வார்த்தை "ரீட்ரான் ஃப்ரம்", தமிழ்ல "பார்த்து வரைந்தது". ஸ்கேன் பண்ணியோ ஸ்க்ரீன்ஷாட் எடுத்தோ அப்படியே வெச்சா "ரீப்ரொட்யூஸ்ட் ஃப்ரம்". "அடாப்டட்"னா உள்ளடக்கத்துல நீங்க ஏதோ ஒண்ண மாத்தியிருக்கணும், அந்த மாத்தத்த ஒரே வரியில சொல்ல முடியணும். கலர் போட்டேன், எழுத்துரு மாத்தினேன், இடவலமாத் திருப்பினேன்ங்கறதெல்லாம் அந்த வரியில எழுதிப் பாருங்க, எழுதறப்பவே கூச்சமா இருக்கும். இதயப் படத்த இடவலமாத் திருப்பினா இன்னும் மோசம், இடது வெண்ட்ரிக்கிள் வலதாயிடும்.

எனக்குத் திருத்தி எடுத்துட்டு வர ரெண்டு வாரம் டைம் குடுத்தாங்க. இந்தத் தடவ புத்தகத்த மூடி வெச்சுட்டேன். மனையில எடுத்த போட்டோவும் என் நோட்டும்தான் முன்னாடி. வட்டத்த விட்டுட்டு ஒரு நீளப் பட்டையா வரைஞ்சேன், ஒரு நாளைக்கு நாலு மில்லிமீட்டர். முட்டை 10 நாள், அதுக்கப்புறம் புழுவோட அஞ்சு பருவம், தோலுரிப்புக்குப் படுக்கற நேரத்தையும் சேத்து 4, 3, 4, 5, 8, மொத்தம் 24. கூடு கட்ட 3 நாள், கூட்டுப்புழு 11 நாள். அப்படி அளவுக்கு வரைஞ்சதும்தான் அந்த வட்டத்துல தெரியாத ஒண்ணு தெரிஞ்சுது. வட்டத்துல அஞ்சு புழுவும் ஒரே இடைவெளியில இருக்கும். பட்டையில அஞ்சாவது பருவம் மட்டும் புழுக்காலத்துல மூணுல ஒரு பங்கு. இலை பெரும்பகுதி ஏன் கடைசி வாரத்துல காலியாவுது, மாமா ஏன் அந்த வாரம் மட்டும் ஆள் வெச்சு இலை வெட்டறாருன்னு படத்தப் பாத்தாலே புரியும்.

கேப்ஷன் இப்படி எழுதினேன்: "பட்டுப்புழுவின் வளர்ச்சிப் பருவங்கள். பருவப் பெயர்களும் வரிசையும் இன்ன ஆசிரியர், இன்ன நூல், வருடம், படம் 4.2-இலிருந்து தழுவியது, வட்ட அமைப்பு கால அளவுப் பட்டையாக மாற்றப்பட்டுள்ளது, நாட்கள் ஆய்வாளரின் பதிவு, அட்டவணை 5." புத்தகப் பேர் மட்டும் போதாது, படத்தோட நம்பரும் வேணும், இல்லன்னா யாரும் எடுத்து ஒப்பிட்டுப் பாக்க முடியாது.

கடைசித் துண்டு, அந்த "நாட்கள் ஆய்வாளரின் பதிவு"ங்கறது ரொம்ப முக்கியம், இதப் பெரும்பாலானவங்க யோசிக்கறதே இல்ல. வெறும் "அடாப்டட் ஃப்ரம்" மட்டும் போட்டிருந்தா என்னோட 24 நாள் அந்தப் புத்தகக்காரர் சொன்னதா ஆயிடும். அவரு சொல்லாதத அவரு பேர்ல ஏத்தறோம். நாளைக்கு என் கணக்கு தப்புன்னு தெரிஞ்சா பழி அவருக்கு. அடுத்தவன் வேலைய நம்மதுன்னு சொல்றது ஒரு தப்புன்னா, நம்ம வேலைய அடுத்தவன் தலையில கட்டறது இன்னொரு தப்பு. அதனால எது அவங்களோடது, எது நம்மளோடதுன்னு கேப்ஷன் பிரிச்சு சொல்லணும்.

"அப்ப முட்டை புழு கூடு பூச்சின்னு யாரு வரைஞ்சாலும் கிரெடிட் குடுக்கணுமா"ன்னு ஒருத்தர் கண்டிப்பாக் கேப்பாரு. இல்லைங்க. புழு அஞ்சு பருவம், நாலு தடவ தோலுரிக்கும்ங்கறது யாருக்கும் சொந்தமில்லாத உண்மை. எந்தப் படத்தையும் முன்னாடி வெக்காம, உங்க போட்டோ, உங்க கணக்குன்னு வரைஞ்சா "படம்: ஆசிரியர்"னு போட்டா போதும். நான் அந்தப் புத்தகத்துல இருந்து ஆரம்பிச்சதால போட்டேன், மறைக்க விரும்பல.

அடுத்தது, கிரெடிட் வேற, அனுமதி வேற. கிரெடிட் போட்டா திருட்டுப் பட்டம் வராது, ஆனா அனுமதி வாங்கினதா ஆகாது. 1957 பதிப்புரிமைச் சட்டத்துல வரைபடம்ங்கறதுல டயக்ராமும் அடங்கும்னு பேர் சொல்லியே இருக்கு, அதத் தழுவி மாத்தறதும் உரிமைக்காரரோட உரிமைதான். ஆராய்ச்சிக்குன்னு நியாயமாப் பயன்படுத்தறதுக்கும், வகுப்புல வாத்தியாரும் மாணவரும் பாடத்துக்காகப் பயன்படுத்தறதுக்கும் 52-ம் பிரிவுல விலக்கு இருக்கு, அதனால உங்க ப்ராஜெக்ட் காப்பிய நெனைச்சு பயப்படாதீங்க. அதையே ஜர்னலுக்கு அனுப்பறப்பவோ வெல போட்டுப் புத்தகமா விக்கறப்பவோ கதை வேற. இணையத்துல இருந்து எடுத்த படம்னா கீழ லைசன்ஸ் என்னன்னு பாருங்க. `CC BY`னா மாத்திக்கலாம், பேரும் லைசன்ஸும் மாத்தினோம்ங்கறதும் சொல்லணும். `CC BY-ND`னு இருந்தா மாத்தினத வெளியிடவே கூடாது, அங்க "அடாப்டட்"னு நீங்க எழுதற வார்த்தையே மீறினதுக்கு ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி.

இது எனக்கு அப்புறமாத்தான் உறைச்சுது. சில வருஷம் கழிச்சு விவசாயிங்களுக்கும் மாணவர்களுக்குமா ஒரு சின்னக் கையேடு போட்டேன், 500 காப்பி. அதுல பட்டுச் சுரப்பி படம் ஒண்ணு ஒரு புத்தகத்தத் தழுவினது. பதிப்பாளருக்கு லெட்டர் எழுதினேன், படம் நம்பர், பக்கம், எத்தன காப்பி, என்ன வெல, எந்த மொழி எல்லாம் எழுதி, அவங்க படத்தையும் என் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு அனுப்பினேன். ரெண்டு மாசம் கழிச்சு வந்த பதில், அந்தப் படம் எங்களோடதில்ல, நாங்களே வேற ஒரு பழைய நூல்ல இருந்து எடுத்ததுன்னு. புத்தகத்தத் திரும்ப எடுத்துப் பாத்தா கேப்ஷன் கடைசியில பொடி எழுத்துல "ஆஃப்டர்"னு போட்டு ஒரு பேரும் வருஷமும் இருக்கு. நான் அத விட்டுட்டேன். அதனால அடிக்குறிப்பு, முன்னுரையில இருக்கற நன்றிப் பக்கம் ரெண்டையும் பாக்காம கிரெடிட் எழுதாதீங்க, மூலம் ஒரு படி பின்னாடி இருக்கலாம். அச்சுக்கு டைம் இல்லாததால அந்தப் படத்தையே எடுத்துட்டு, நானே ஒரு புழுவ அறுத்துப் பாத்து வரைஞ்சதப் போட்டேன்.

அந்தக் கையேடு எழுதின காலத்துல எனக்கு அஞ்சு மாசச் சம்பளம் பாக்கி. கெஸ்ட் லெக்சரர்னா வகுப்பு எடுக்கறதும் பேப்பர் திருத்தறதும் மத்தவங்க மாதிரியே, சம்பளம் மட்டும் எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. வீட்டம்மா நகைய அடகு வெச்சுத்தான் ப்ரெஸ்ஸுக்கு அட்வான்ஸ் குடுத்தோம். இதுக்கும் உங்க கேள்விக்கும் சம்பந்தமில்ல, ஆனா அடுத்து நடந்தது ஏன் அவ்ளோ வலிச்சுதுன்னு புரியணும்ல.

ஒரு கைடு புத்தகத்துல என் பட்டை வந்துச்சு. கலர் மாத்தியிருந்தாங்க, என் பேர் எங்கயுமே இல்ல. என்னோடதுதான்னு எப்படித் தெரியும்னா, மூணாவது பருவத்துப் புழு கிட்ட வரைஞ்ச இலையில இடது ஓரத்துல ஒரு கடி விழுந்த ஓட்டை, எங்க மனையில எடுத்த போட்டோவுல இருந்தது, அதே ஓட்டை அதே இடத்துல. 4, 3, 4, 5, 8னு நாளும் அப்படியே. வேற யாரு புழுவும் எங்க மாமா மனையில அந்த மாசம் நடந்த மாதிரி நாள் பிசகாம நடக்குமா? எழுத்தப் பிடிக்கற சாஃப்ட்வேர் பெரும்பாலும் படத்தப் பிடிக்கறதில்லன்னு தைரியம் போல, ஆனா ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு ஜன்னல் வெளிச்சத்துல காட்டினா போதும். ரெண்டு லெட்டர் போட்டேன், பதில் இல்ல.

நீங்களும் அதே மாதிரி உங்க படத்தையும் புத்தகப் படத்தையும் ஒரே அளவுக்கு ப்ரிண்ட் எடுத்து வெளிச்சத்துல ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பாருங்க. கோடெல்லாம் பொருந்துச்சுன்னா "அடாப்டட்"ட அடிச்சுட்டு "ரீட்ரான்"னு மாத்துங்க, உங்க டேட்டா ஏதாவது அதுல ஏறுமான்னு யோசிங்க. எந்தப் புத்தகம், எந்தப் படம்னு கமெண்ட்ல போட்டீங்கன்னா கேப்ஷன எப்படி எழுதலாம்னு பாத்து சொல்றேன்.