ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவன்

கேள்வி: கனவில் அச்சு அசலாக என்னைப் போலவே இருக்கும் ஒருவரைப் பார்த்தேன். பேய், பாம்பு கனவெல்லாம் வந்திருக்கிறது, இந்த அளவு பயந்ததில்லை. ஏன் இப்படி? வேறு யாருக்காவது வந்ததுண்டா?

எனக்கு வந்தது. நீங்களும் வீட்டில் யாரிடமும் சொல்லாமல்தான் இங்கே வந்து கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் ஒரு வாரம் என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

முதலிலேயே ஒன்று. நான் மனோதத்துவம் படித்தவன் இல்லை. கும்பகோணம் பக்கம் முப்பது வருடமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோதான் பிழைப்பு. "போட்டோகாரனுக்குக் கனவைப் பற்றி என்ன தெரியும்" என்று எழுத வருகிறவர்கள் கடைசி வரை படித்துவிட்டு எழுதுங்கள். ஒரு மனுஷனுக்குத் தன் முகம் எப்படித் தெரியும் என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும்.

கனவு இதுதான். என் ஸ்டூடியோவில் விளக்கு எரிகிறது, ஸ்டூலில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அது நான்தான் என்று தெரிந்துவிட்டது. வழக்கம்போல "முகவாயைக் கொஞ்சம் இறக்குங்க சார்" என்று சொல்ல வாயெடுத்தேன். நான் சொல்வதற்குள் இறக்கிவிட்டான். கேமரா வழியாகப் பார்த்தேன். எனக்கு இடது புருவத்தில் சின்ன வயதில் பம்பரம் பட்ட தழும்பு உண்டு. தினமும் ஷேவ் பண்ணும்போது கண்ணாடியில் என் இடக்கைப் பக்கம் தெரிகிற தழும்பு, அவன் முகத்தில் என் வலக்கைப் பக்கம் இருந்தது. அவ்வளவுதான். அவன் முறைக்கவில்லை, சிரிக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. விழித்தபோது பனியன் நனைந்திருந்தது, மணி நாலரை.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று உடனே ஆரம்பிக்காதீர்கள். கனவு அதிகம் வரும் தூக்கக் கட்டம் விடியும் பக்கம்தான் நீளமாகிறது. அதனால்தான் அந்நேரக் கனவு நினைவில் நிற்கிறது.

தழும்பு விஷயத்துக்கு வருகிறேன். ஃபிலிம் காலத்தில் நெகட்டிவை என்லார்ஜரில் வைக்கும்போது மங்கலான பக்கம் கீழே, பேப்பரைப் பார்த்து இருக்க வேண்டும். புரட்டி வைத்தால் பிரிண்ட் இடம் வலமாக மாறிவிடும். ஒரு நாள் அவசரத்தில் ஒரு அம்மாவின் நெகட்டிவைப் புரட்டி வைத்து எட்டு காப்பி போட்டுவிட்டேன். அந்த அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "இத்தனை நாளில் இப்பதான் நான் நான் மாதிரி இருக்கேன்" என்றார். கூட வந்த கணவருக்குப் பிடிக்கவில்லை. "என்னமோ மாதிரி இருக்கு" என்றாரே தவிர, என்ன என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. மாமியார்தான் கண்டுபிடித்தார்: "முந்தானை ஏன் வலது தோள்ல இருக்கு?" நான் அன்று காசு வாங்கவில்லை.

காரணம் எளிது. நமக்குத் தெரிந்த நம் முகம் கண்ணாடி முகம். மற்றவர்களுக்குத் தெரிந்தது நேர் முகம். யாருடைய முகமும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்காது. ஒரு புருவம் ஏறியிருக்கும், உதட்டோரம் இறங்கியிருக்கும். 1977ல் அமெரிக்காவில் இதையே சோதித்தார்கள். ஒரே படத்தை நேராகவும் புரட்டியும் காட்டியபோது, படத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் புரட்டிய படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், நெருங்கிய தோழிகள் நேர்ப்படத்தை. நான் எட்டு காப்பி வீணடித்துக் கற்றது அதுதான்.

ஆகவே கனவில் எதிரே வருகிறவன் நமக்குப் பழகிய முகத்தோடு வருவதில்லை. ஊருக்குப் பழகிய முகத்தோடு வருகிறான். (தழும்பை நான் விழித்த பிறகு சேர்த்துக்கொண்டேனோ என்று கேட்பீர்கள். இருக்கலாம். கனவு நினைவை ஓரளவுக்கு மேல் நம்ப முடியாது.)

ஆனால் முகம் மட்டும் காரணமாக இருந்தால் ஒவ்வொரு போட்டோவைப் பார்த்தும் அலற வேண்டுமே. இங்கேதான் மனோதத்துவ டாக்டர் ஃப்ராய்ட் வருகிறார். அவருடைய கனவு விளக்கங்களை நான் எடுக்கவில்லை, சண்டைக்கு வராதீர்கள். 1919ல் இந்த மாதிரி அமானுஷ்ய உணர்வைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதன் அடிக்குறிப்பில் தனக்கே நடந்ததைச் சொல்கிறார். ரயிலில் தனியாகப் போகிறார். வண்டி குலுங்கியதில் பக்கத்துக் கழிப்பறைக் கதவு திறந்துகொள்ள, இரவு அங்கியும் தொப்பியுமாக ஒரு கிழவர் உள்ளே வருகிறார். பெட்டி மாறி வந்துவிட்டார் போல, சொல்லி அனுப்பலாம் என்று எழுந்த பிறகுதான் தெரிகிறது, அது கதவுக் கண்ணாடியில் தெரிந்த அவரேதான். அவர் பயப்படவில்லை. அந்தக் கிழவரைத் தனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை என்றுதான் எழுதியிருக்கிறார்.

விழித்திருக்கும்போது முகம் முதலில், "நான்" என்ற அடையாளம் அப்புறம். அடையாளம் வந்ததும் விஷயம் முடிந்துவிடுகிறது, கண்ணாடி என்று புரிந்துவிடுகிறது. கனவில் வரிசை தலைகீழ். அடையாளம் முதலில் வந்துவிடுகிறது. செத்துப்போன தாத்தா கனவில் வேறு முகத்தோடு வந்தாலும் தாத்தா என்று தெரிகிறதே, அது போல. அந்த நேரத்தில் மூளையில் பயத்தை எழுப்பும் பகுதி சுறுசுறுப்பாக இருக்கும். "இது எப்படிச் சாத்தியம், கண்ணாடியாக இருக்குமோ" என்று சரிபார்க்க உதவும் முன்பகுதி அடங்கிக் கிடக்கும். அதனால் "நான் அங்கே இருக்கிறேன்" என்பது கேள்வி இல்லாமல் உண்மையாகிவிடுகிறது. அப்படியானால் பார்த்துக்கொண்டிருக்கும் நான் யார்? பாம்பு கனவில் இந்தக் கேள்வியே கிடையாது. கடிபடப்போவது யார் என்பதிலாவது சந்தேகம் இல்லை.

அவன் நான் சொல்லுமுன்பே முகவாயை இறக்கினானே, அதற்கும் ஒரு தடயம் உண்டு. 2006ல் ஸ்விட்சர்லாந்தில் ஓலாஃப் பிளாங்கே என்ற நரம்பியல் மருத்துவரின் குழு, வலிப்பு நோய்க்காகப் பரிசோதனையில் இருந்த 22 வயதுப் பெண்ணின் மூளையில், இடது காதுக்கு மேலே சற்றுப் பின்னால் இருக்கும் ஒரு பகுதியை லேசான மின்சாரத்தால் தூண்டியது. அவருக்குப் பின்னால் ஒரு ஆள் இருப்பதாக உணர்ந்தார். அவர் படுத்தால் அது படுத்தது. உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டபோது, அது தன்னைக் கட்டிப்பிடிப்பதாக அருவருப்போடு சொன்னார். அது அவருடைய உடம்பின் கணக்குதான். "இது என் உடம்பு, இங்கே இருக்கிறது" என்று மூளை ஓயாமல் போடும் கணக்கு இடம் தவறி விழுந்தால், நம் அசைவே இன்னொருவன் அசைவாகத் தெரிகிறது. கனவில் நடப்பதும் இதுவேதான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் என் ஸ்டூல்காரன் நடந்துகொண்டது அப்படித்தான்.

ஒரு எச்சரிக்கை: விழித்திருக்கும்போது, பகலில், உங்களையே எதிரே பார்த்தால் இங்கே கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். வலிப்பிலும் சிலருக்கு ஒற்றைத் தலைவலியிலும் அப்படி வரும்.

இந்த இடத்தில் ஒன்றைக் கொட்டிவிடுகிறேன். இப்போது வருகிறவர்கள் எல்லாரும் போனை நீட்டி, "இதில் நல்லா இருக்கேன், நீங்க எடுத்தா மட்டும் வாய் கோணுது" என்கிறார்கள். போன் செல்ஃபி எடுக்கும்போது காட்டுவது கண்ணாடி முகம் அய்யா! அதைச் சொன்னால் என் கேமரா பழசு என்கிறார்கள். போன மாதம் ஒரு அலுவலகத்தில் "பின்னணி வெள்ளையாக இல்லை" என்று நான் எடுத்த படத்தைத் திருப்பி அனுப்பினார்கள். அது வெள்ளைதான். அவர்கள் ஸ்கேனர் மஞ்சள்.

சரி. கனவு வந்த மறுவாரம் கடைப் பையனை விட்டு, அதே ஸ்டூலில் உட்கார்ந்து என்னை ஒரு படம் எடுக்கச் சொன்னேன். நேராக ஒன்று, புரட்டி ஒன்று பிரிண்ட் போட்டு, எது எது என்று சொல்லாமல் மனைவியிடம் கொடுத்தேன். அப்போதுதான் கனவையும் சொன்னேன். அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் நேர்ப்படத்தை எடுத்து, "இதுதான் நீங்க" என்றாள். தழும்பு என் வலக்கைப் பக்கம் இருந்தது.