எழுப்பினால் எழுகிறானா, பால் குடிக்கிறானா?

கேள்வி: எனக்கு 20 நாள் ஆண் குழந்தை இருக்கிறான். கடலூர் முதுநகரில் தாய்வீட்டில் இருக்கிறேன். தூங்கும்போது அவன் மூச்சு சில நொடி நின்றுவிட்டு, பிறகு வேகவேகமாக வருகிறது. முந்தாநாள் இரவு ஒரு வேளைப் பாலுக்கு எழவே இல்லை. "தூங்குகிற பிள்ளையை எழுப்பாதே" என்கிறார் என் அத்தை. எதைப் பார்த்தால் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?
– ஒரு வாசகி, கடலூர்

பதில்: அன்பு மகளே, முதலில் மூச்சைப் பார்ப்போம். பச்சிளங்குழந்தை ஐந்து நொடி, சில சமயம் பத்து நொடி வரை மூச்சை நிறுத்திவிட்டு, பிறகு சடசடவென்று சில மூச்சு விடுவது இயல்பு. அப்போது உதடும் நாக்கும் சிவப்பாகவே இருக்கும், உடல் துவளாது. 20 நொடியைத் தாண்டி நின்றாலோ, நிற்கும்போது உதடோ நாக்கோ நீலம் பாரித்தாலோ, உடல் துவண்டாலோ உடனே 108-ஐ அழைத்துவிடுங்கள். குழந்தை தானாகச் சரியாகிவிட்டாலும் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். நிறத்தை நாக்கில் பாருங்கள். குளிரில் கைகால் மட்டும் நீலமாவது உண்டு.

அவன் அமைதியாகத் தூங்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். நடுவே மூச்சு நின்று நின்று வருவதால், அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் கணக்கு தவறும். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் மறுபடி ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டாம் முறையும் அப்படியே இருந்தால் கிளம்புங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே ஆழமாகக் குழி விழுந்தாலோ, மூச்சை விடும்போது முனகல் கேட்டாலோ எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு மூச்சைவிடப் பெரிதாகப் பட்டது, அவன் பாலுக்கு எழவில்லை என்பதுதான். சில ஆண்டுகளுக்கு முன் கடலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 16 நாள் பெண் குழந்தையை என்னிடம் கொண்டு வந்தார்கள். இரவு ஒன்பது மணிக்கு நன்றாகக் குடித்தவள், இரண்டு மணிக்கு மார்பில் வைத்தபோது வாய் திறக்கவில்லை. "அசதி, தூங்கட்டும்" என்று படுக்க வைத்துவிட்டார்கள். ஆறு மணிக்கு வாயில் வைத்த பால் கடைவாய் வழியாக வழிந்தது. என் மேசைக்கு வந்தபோது மணி பதினொன்று. காய்ச்சல் இல்லை, அழுகை இல்லை, பார்க்க அமைதியான தூக்கம்தான். ஆனால் தூக்கிப் பிடித்தால் கைகால் துணிபோலத் தொங்கியது. வயிறு சில்லென்றிருந்தது. உள்ளங்காலைச் சுண்டினால் முகம் மட்டும் லேசாகச் சுளித்தது. மூச்சு நிமிடத்துக்கு 72. இரத்தத்தில் கிருமித்தொற்று. பத்து நாள் நரம்பு ஊசி மருந்துக்குப் பிறகு பிழைத்து வீடு திரும்பினாள். அவள் உடம்பு இரவு இரண்டு மணிக்கே சேதி சொல்லிவிட்டது. அந்த ஒன்பது மணி நேரம் இன்னும் என்னை உறுத்துகிறது.

இந்த வயதில் கிருமித்தொற்று பல நேரம் காய்ச்சலாக வராது. உடம்பு குளிர்ந்து, பாலை மறந்து, தூக்கம்போலவே வரும். அதனால் அத்தை சொல்வதை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். மூன்று மணி நேரம் ஆகியும் எழாவிட்டால் நீங்கள் எழுப்புங்கள். சுற்றிய துணியை அவிழ்த்து, ஈரத்துணியை மாற்றி, முதுகைத் தேய்த்து, உள்ளங்காலைச் சுண்டுங்கள். நலமான குழந்தை முகம் சுளித்துக் காலை இழுத்துக்கொள்ளும், சிணுங்கும், மார்பைத் தேடிப் பிடித்து, விழுங்கும் சத்தம் கேட்கக் குடிக்கும். முந்தாநாள் தவறவிட்டவன் அடுத்த வேளை இப்படிக் குடித்து, நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழிக்கிறான் என்றால், அது தூக்கம்தான். எழுப்பியும் கண்ணைத் திறக்காவிட்டாலோ, சுண்டினால்தான் அசைகிறான் என்றாலோ, மார்பைப் பிடிக்காமல் பால் வழிந்தாலோ, அடுத்த வேளைக்காகக் காத்திருக்காதீர்கள். அக்குளில் வைத்த வெப்பமானி 99.5 பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காட்டினாலும், 95.9-க்குக் கீழே காட்டினாலும் அப்படியே. வலிப்பு வந்தாலும், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் பரவினாலும் அதே அவசரம்தான்.

கடலூரில் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது; அங்கிருந்து மேல்சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மருக்கு அனுப்ப நேரிடலாம். போகும் வழியில் குழந்தையை வெறும் மார்போடு அணைத்து, மேலே போர்வையைச் சுற்றுங்கள், தலைக்குக் குல்லா போடுங்கள், மூக்கும் வாயும் மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தானாகச் சப்பினால் தாய்ப்பால் கொடுங்கள். சப்பாத குழந்தைக்குப் பாலாடையிலோ சங்கிலோ பாலையும் சர்க்கரைத் தண்ணீரையும் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். கடைசியாக நன்றாகக் குடித்தது எத்தனை மணிக்கு என்று மருத்துவர் முதலில் கேட்பார், அதை ஒரு தாளில் குறித்து எடுத்துச் செல்லுங்கள்.