சந்தா கட்டிக் கேட்கும் பாட்டைக் காணொளியில் சேர்க்கலாமா?

கேள்வி: நான் மாதச் சந்தா கட்டிப் பாட்டுக் கேட்பவன். அதே பாட்டை என் தங்கையின் திருமணக் காணொளிக்குப் பின்னணியாக வைத்து யூடியூபில் ஏற்றினேன். பதிப்புரிமைக் கோரல் வந்துவிட்டது. பணம் கட்டியும் ஏன் இப்படி?

பதில்: நீங்கள் கட்டுவது கேட்பதற்கான கட்டணம் மட்டுமே. தனிப்பட்ட, வணிகம் சாராத பயன்பாட்டுக்கே அனுமதி என்று ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகளின் விதிமுறைகள் சொல்கின்றன. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு பாட்டின் வரிகள், இசையமைப்பு, ஒலிப்பதிவு ஆகிய மூன்றும் தனித்தனிப் படைப்புகள். அதைப் படக்காட்சியோடு இணைக்க வேண்டுமானால் இவற்றின் உரிமையாளர்கள் அனைவரிடமும் அனுமதி பெற வேண்டும். கேட்கும் செயலி உங்களுக்கு அந்த அனுமதியை விற்கவே இல்லை.

உங்களுக்கு வந்தது, ஏற்றப்படும் பாட்டைத் தானாகவே அடையாளம் காணும் யூடியூபின் கன்டென்ட் ஐடி எழுப்பிய கோரலாக இருந்தால், விளம்பர வருவாய் உரிமையாளருக்குப் போகலாம், அல்லது காணொளி முடக்கப்படலாம். எச்சரிக்கை எனப்படும் ஸ்ட்ரைக் வேறு: 90 நாள்களுக்குள் அது மூன்று முறை வந்தால் சேனலையே இழக்க நேரிடும்.

கேள்வி: பத்து விநாடிக்குள் என்றால் தவறில்லையாமே?

பதில்: அப்படி ஒரு விநாடிக் கணக்கு சட்டத்தில் எங்கும் இல்லை. 52ஆம் பிரிவு விமர்சனம், செய்தி போன்ற நோக்கங்களுக்கே இடமளிக்கிறது. திருமண விழாவில் பாட்டு ஒலிக்கச் செய்ய அதே பிரிவு தரும் விலக்கும், அந்தப் பாட்டைக் காணொளியில் சேர்த்து இணையத்தில் ஏற்றுவதற்கான அனுமதி ஆகாது.

கேள்வி: தியாகராஜர் கீர்த்தனைக்கும் உரிமை கேட்க வேண்டுமா?

பதில்: அவர் 1847இல் மறைந்தவர், கீர்த்தனை பொதுச்சொத்து. ஆனால் அதைப் பாடகர் ஒருவர் பாடி வெளியிட்ட ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. தெரிந்த வித்துவான் ஒருவரைப் பாடச் சொல்லி, எழுத்தில் ஒப்புதல் பெற்று, நீங்களே பதிவு செய்வதே மிக நல்ல வழி. அப்போதும் கணினி தவறுதலாகக் கோரல் எழுப்பினால் மறுப்புத் தெரிவிக்கலாம். கோரியவருக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு.

கேள்வி: அப்படியானால் இசையை எங்கே எடுப்பது?

பதில்: யூடியூப் ஸ்டுடியோவின் `Audio library` பகுதியில் தொடங்குங்கள். அங்கே `Attribution not required` என்று வடிகட்டினால், பெயர் குறிப்பிடத் தேவையில்லாத இசை மட்டும் வரும். மற்றவற்றுக்கு அங்கு தரப்படும் வாசகத்தைக் காணொளி விவரத்தில் அப்படியே ஒட்டுங்கள்.

ஃப்ரீ மியூசிக் ஆர்க்கைவ் தளத்தில் எடுப்பதானால் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமக் குறியீட்டைப் பாருங்கள். `CC BY` என்றால் படைப்பாளியின் பெயரைச் சொல்லிப் பயன்படுத்தலாம். வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் `NC` இருந்தால் விளம்பர வருவாய் உள்ள காணொளிக்கு அது ஆகாது. தழுவலைத் தடுக்கும் `ND` இருந்தால் காணொளிக்கே ஆகாது, ஏனெனில் இசையைப் படத்தோடு இணைப்பதைத் தழுவலாகவே அந்த உரிமம் கருதுகிறது. பதிவிறக்கும் நாளிலேயே உரிமப் பக்கத்தைத் தேதியோடு படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கோரல் வந்தால் மறுப்புத் தெரிவிக்க அதுவே சான்று.