அப்பாவுக்குக் காது மெஷின்: 36,000 ரூபாயா, 1,90,000 ரூபாயா?

கேள்வி: என் தந்தைக்கு 76 வயது. அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பாபநாசம் பக்கத்துக் கிராமத்தில் எங்களோடு இருக்கிறார். செவித்திறன் பரிசோதனையில் வலது காதுக்கு 55 டெசிபல், இடது காதுக்கு 62 டெசிபல் இழப்பு என்று வந்திருக்கிறது. கும்பகோணத்தில் ஒரு கடையில், ஒரு காதுக்கு 18,000 ரூபாயில் பேட்டரி போடும் சாதாரண மெஷினும், 95,000 ரூபாயில் சார்ஜ் செய்யும் உயர்ரக மெஷினும் காட்டினார்கள். “விலை கூடுதல்தான், ஆனால் நாள்பட உழைக்கும், கணக்குப் பார்த்தால் இதுதான் லாபம்” என்கிறார் கடைக்காரர். அப்படித்தானா? ஒரு காதுக்கு மட்டும் உயர்ரகம் வாங்கினால் போதுமா? அப்பா பகல் முழுவதும் திண்ணையிலோ டிவி முன்னாலோதான் இருக்கிறார். பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போவார். விரல்கள் கொஞ்சம் நடுங்கும்.

பதில்: கடைக்காரர் சொல்லும் கணக்கை நாமே போட்டுப் பார்த்துவிடலாம். மெஷினின் விலையை மட்டும் பார்த்தால் பாதிக் கணக்குதான் தெரியும். கூடவே வரும் சில்லறைச் செலவுகளை ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்துக்கொள்வோம்.

முதலில் சாதாரண மெஷின். இரண்டு காதுக்கும் 36,000 ரூபாய். காதின் வடிவத்துக்கு அச்செடுத்துச் செய்யும் மோல்டு ஒன்றுக்கு 800 ரூபாய் என்று வையுங்கள். இடையில் ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும், ஆக நான்கு மோல்டுக்கு 3,200. காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷினுக்கு 13-ஆம் எண் பேட்டரி; அட்டையில் ஆரஞ்சு நிறம் இருக்கும். நாள் முழுக்கப் போட்டால் ஒன்று சுமார் 12 நாள் வரும். அப்படியானால் இரண்டு காதுக்கும் ஆண்டுக்கு 60 பேட்டரி, ஒன்று 40 ரூபாய் வீதம் 2,400. ஐந்து ஆண்டுக்கு 12,000. உத்தரவாதம் இரண்டு ஆண்டு என்றால், அதன் பிறகு பழுதுக்கு ஆண்டுக்கு 2,000 வீதம் 6,000 ஒதுக்குங்கள். கும்பகோணம் போய்வர பஸ், ஆட்டோ எல்லாம் சேர்த்து ஒரு நடைக்கு 300 ரூபாய், பன்னிரண்டு நடைக்கு 3,600. மொத்தம் 60,800. ஆண்டுக்குச் சுமார் 12,200. மாதம் ஆயிரம் ரூபாயை ஒட்டி.

உயர்ரகம்: இரண்டு காதுக்கும் 1,90,000. பேட்டரி வாங்க வேண்டாம். ஆனால் காதுக்குள் போகும் ரப்பர் முனை, குறும்பி தடுக்கும் சிறு வடிகட்டி ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 1,500 வீதம் 7,500. உத்தரவாதம் நான்கு ஆண்டு என்றால் ஐந்தாம் ஆண்டின் பழுதுக்கு 10,000 வைத்துக்கொள்ளலாம். போக்குவரத்து அதே 3,600. மொத்தம் 2,11,100. ஆண்டுக்கு 42,000-க்கு மேல், மாதம் 3,500.

“அது அதிக நாள் உழைக்கும்” என்பதற்கும் இடம் கொடுத்துப் பார்க்கலாம். சாதாரண மெஷின் நான்கே ஆண்டில் போய்விட்டது, உயர்ரகம் ஆறு ஆண்டு ஓடியது என்று வையுங்கள். அப்போதும் சாதாரணத்துக்கு ஆண்டுக்கு 14,000, உயர்ரகத்துக்கு 37,000 வருகிறது. நாள்பட உழைப்பதால் லாபம் என்ற பேச்சு இங்கே எடுபடாது. உயர்ரகம் வாங்க வேறு காரணங்கள் இருக்கலாம், இது இல்லை. எந்த மெஷினானாலும் ஐந்து ஆண்டுதான் நியாயமான எதிர்பார்ப்பு. உயர்ரகத்தின் உள்ளே பொதிந்திருக்கும் சார்ஜ் பேட்டரியும் நான்கைந்து ஆண்டில் தளர்ந்துவிடும்.

அப்படியானால் அந்தக் கூடுதல் ஒன்றரை லட்சம் எதற்கு? பெரும்பாலும் இரைச்சலைச் சமாளிப்பதற்கு. ஒலியைப் பல சேனல்களாகப் பிரித்துத் தனித்தனியே திருத்துவது, எதிரில் பேசுகிறவர் பக்கம் மைக் தானாகத் திரும்புவது, கல்யாண மண்டபத்துக்குள் போனதும் தானே மாறிக்கொள்வது, செல்போனோடு இணைவது. வாரத்தில் நான்கு நாள் கூட்டம், விசேஷம் என்று போகிறவருக்கு இவை உதவும். திண்ணையில் இரண்டு பேரோடு பேசுகிறவருக்கு இவற்றில் பாதி தூங்கிக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் மெம்பிஸ் பல்கலைக்கழகத்தின் ராபின் காக்ஸ் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வில், முதியவர்கள் சாதாரண மெஷின்களையும் உயர்ரக மெஷின்களையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். அன்றாட வாழ்க்கையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதில் கலந்துகொண்டவர்களுக்கு லேசானது முதல் நடுத்தரம் வரையிலான இழப்புதான். உங்கள் தந்தை அந்த வரம்பின் மேல் விளிம்பில் இருக்கிறார், ஆகவே அதை அப்படியே வேதவாக்காகக் கொள்ளவும் வேண்டாம்.

பணத்தை எடுக்கும் முன் பரிசோதனைத் தாளில் இன்னொன்றைத் தேடுங்கள். டெசிபல் என்பது எவ்வளவு சத்தம் கேட்கிறது என்பதைச் சொல்லும். சொல் எவ்வளவு புரிகிறது என்பது தனிச் சோதனை. ஒரு சொற்பட்டியலை வாசித்துத் திருப்பிச் சொல்லச் செய்து, நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள். முதுமையில் முதலில் தேய்வது கீச்சொலிகளைக் கேட்கும் திறன். சகரம் போன்ற எழுத்துகள் அங்கேதான் இருக்கின்றன. அதனால்தான் மருமகள் “பசிக்கிறதா?” என்று கேட்டால் மாமனார் “எதைப் படிக்க வேண்டும்?” என்கிறார். கத்துவதால் இது சரியாகாது. சொல் மதிப்பெண் 80-க்கு மேல் இருந்தால் எந்த நல்ல மெஷினும் நன்றாகப் பலன் தரும். 50-ஐ ஒட்டி இருந்தால் லட்ச ரூபாய் மெஷினாலும் தேய்ந்த நரம்பை ஈடு செய்ய முடியாது. அங்கே உயர்ரகத்துக்குச் செலவழிப்பது வீண். தாளில் இந்த எண் இல்லையென்றால், செவித்திறனைச் சோதிக்கும் நிபுணரான ஆடியாலஜிஸ்டிடம் கேட்டு வாங்குங்கள். அவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரா என்பதையும் கேட்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டார். காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்தாயிற்றா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒரு காதுக்கு உயர்ரகம் என்பதை விட்டுவிடுங்கள். இரண்டு காதிலும் இழப்பு ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும்போது, இரண்டுக்கும் சாதாரணம் போட்டால்தான் யார் எந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடுகிறார்கள் என்பது தெரியும்.

இனி அந்த நடுங்கும் விரல்கள். என் கணக்கில் வராத செலவு அதுதான். பட்டாணி அளவுப் பேட்டரி, அதன் மேல் ஒட்டியிருக்கும் தாளைக் கிழித்து ஒரு நிமிடம் காற்றுப் படவிட்டுப் போட வேண்டும், தலைகீழாகப் போட்டால் மூடி மூடாது. 13-ஆம் எண்ணாவது பரவாயில்லை, அதைவிடச் சிறியது அவர் கையில் நிற்காது. தாளைக் கிழித்த நிமிடத்திலிருந்து, மெஷினைப் போட்டாலும் போடாவிட்டாலும் பேட்டரி கரையத் தொடங்கிவிடும். திரும்ப ஒட்டினால் மிச்சமாகும் என்று நினைக்க வேண்டாம். பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை பேட்டரி மாற்ற வீட்டில் யாராவது பொறுப்பேற்றால் 18,000 மெஷினே போதும். ஆள் இல்லை, அவரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால் அதே கடையில் 35,000, 40,000 ரூபாய் அளவில் சார்ஜ் செய்யும் நடுத்தர மெஷின் இருக்கிறதா என்று கேளுங்கள். இரவில் பெட்டியில் வைத்துவிட்டால் போதும் என்ற வசதிக்குக் கொடுக்கும் விலை அது. எனக்கு நியாயமாகவே படுகிறது.

எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆடிப்பெருக்கு அன்று திருவையாற்றுப் புஷ்ய மண்டபப் படித்துறையில், என் தந்தை காதில் மெஷின் இருக்கிறது என்பதை மறந்து மூன்று முழுக்குப் போட்டு எழுந்தார். கரையேறியதும், “ஆற்றுக்குள்ளே என்ன இவ்வளவு கரகரப்பு?” என்று கேட்டார். வெயிலில் காய வைத்தோம், அரிசிப் பானையிலும் புதைத்தோம். இரண்டும் தவறு என்று பிறகுதான் தெரிந்தது. வெயில் சூடு பிளாஸ்டிக்குக்கும் உள்ளிருக்கும் நுண்பாகங்களுக்கும் ஆகாது, அரிசித் தவிடு துளைகளை அடைக்கும். வாங்கிய இடத்தில் நீர் புகுந்தால் உத்தரவாதம் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். 6,500 ரூபாய் ஆனது. முழுக்குப் போடாத வீட்டிலும் நம் பக்கத்து வியர்வையும் ஐப்பசி கார்த்திகை ஈரமும் அதே வேலையை மெல்லச் செய்யும். சிலிக்கா ஜெல் போட்ட மூடி இறுகும் டப்பா ஒன்று வாங்கி, இரவில் பேட்டரியை எடுத்துவிட்டு மெஷினை அதில் வையுங்கள். மெஷினையும் மோல்டையும் இணைக்கும் மெல்லிய குழாய் மஞ்சளித்து விறைத்துப்போனால் மாற்றிவிடுங்கள். விறைத்த குழாயால் ஒலி மங்கும், மெஷினே கெட்டுப்போனதாகத் தோன்றும். பலர் புது மெஷின் வாங்குவது இந்த இடத்தில்தான்.

கடையில் கேட்க வேண்டியவை சில உண்டு. ஒன்று, இந்த மெஷின் எத்தனை டெசிபல் இழப்பு வரை தாங்கும் என்ற வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். இடது காது இன்றைக்கு 62-இல் இருக்கிறது. 65 வரை மட்டுமே தாங்கும் மெஷினை வாங்கினால் இரண்டு மூன்று ஆண்டில் நல்ல நிலையிலேயே அது பயனற்றுப் போகலாம். 80 வரை இடம் இருப்பதை எடுங்கள். இன்னொன்று, மெஷினைத் திருத்தும் மென்பொருள் அந்தக் கடைக்கு மட்டும் பூட்டப்பட்டதா, அல்லது தஞ்சாவூரிலோ திருச்சியிலோ வேறு ஆடியாலஜிஸ்டிடமும் காட்டித் திருத்திக்கொள்ளலாமா என்பது. முதல் மூன்று மாதத்தில் மூன்று நான்கு முறையாவது திருத்த வேண்டியிருக்கும். ஊர் ஊராக மண்டபத்தில் முகாம் போட்டு விற்றுவிட்டுப் போகிறவர்களிடம் வாங்கக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். இணையத்தில் ஆயிரத்துச் சொச்சத்துக்கு வருபவையோ வெறும் ஒலி பெருக்கிகள். பாத்திரச் சத்தத்தையும் பேச்சையும் ஒன்றுபோல் உயர்த்தும்.

காது கேட்கும் கருவிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பில்லில் மெஷினுக்கு வரி போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். மெஷினின் வரிசை எண், உத்தரவாத ஆண்டு இரண்டும் பில்லில் இருக்கட்டும். சிக்கல் வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. உங்கள் தந்தைக்கு ஓய்வூதியம் வருவதால் பொருந்தாமல் போகலாம். ஆனால் மாத வருமானம் 15,000 ரூபாய்க்குள் இருக்கும் 60 வயது தாண்டியவர்களுக்கு மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் காது மெஷின், மூக்குக்கண்ணாடி இரண்டுமே இலவசம். அக்கம்பக்கத்தில் யாராவது இருந்தால் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

முன்பணம் கொடுக்கும் முன் 18,000 மெஷினை ஒரு வாரம் வீட்டில் போட்டுப் பார்க்கத் தருவார்களா என்று கேளுங்கள். டிவி சத்தத்தை உங்கள் அம்மாவுக்குப் பிடித்த அளவில் வைத்து அப்பாவுக்குச் செய்தி புரிகிறதா என்று பாருங்கள். மருமகள் அடுக்களையிலிருந்து முகம் காட்டாமல் ஒரு வாக்கியம் கேட்கட்டும். பிரதோஷம் வந்தால் கோயிலுக்கும் போட்டுக்கொண்டு போகட்டும். மூன்றில் இரண்டு தேறினால் அதையே வாங்குங்கள். அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை அதே பரிசோதனையைச் செய்து, இழப்பின் கோடு மெஷினின் எல்லைக்கு எவ்வளவு அருகில் வந்திருக்கிறது என்று பாருங்கள். எப்போது மாற்ற வேண்டும் என்பதை அந்தத் தாளே காட்டிவிடும்.