கடிதத்துக்குள் யார் பேசுகிறார்கள்?

அன்புள்ள ஐயா,

முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். துரித உணவு பற்றிய ஆய்வேட்டில், "அஜினோமோட்டோ உடலைப் பாதிக்கும் என்று 1968ஆம் ஆண்டே நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் ஆய்வு நிறுவிவிட்டது" என்று எழுதியிருந்தேன். நெறியாளர் "இது ஆய்வு இல்லை, கடிதம்" என்று சிவப்பு மையில் அடித்துவிட்டார். ஒரு நாளிதழின் நடுப்பக்கக் கட்டுரையிலிருந்து எடுத்த வரியையும் "வெறும் கருத்து" என்று நீக்கச் சொல்கிறார். இவ்வளவு பெரிய இதழில் அச்சானது ஆதாரம் ஆகாதா? கடிதம், பத்தி எதையுமே மேற்கோள் காட்டக் கூடாதா? அடிக்குறிப்பை எந்த முறையில் போடுவது, நெறியாளரிடம் எப்படி வாதாடுவது என்றும் சொல்லுங்கள்.

செ., திருநெல்வேலி

அன்புள்ள செ.,

வாதாட வேண்டாம். உங்கள் ஆய்வேட்டை வரிவரியாகப் படித்து, மேற்கோளின் மூலம் வரை போய்ப் பார்த்த ஒருவர் உங்களுக்கு நெறியாளராக வாய்த்திருக்கிறார். அவரிடம் போய் நன்றி சொல்லுங்கள். அடிக்குறிப்பு முறையை உங்கள் துறைக் கையேடு சொல்லும், அதற்கு நான் தேவையில்லை.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அந்தக் கடிதத்தை நீங்கள் படித்தீர்களா? உங்கள் வாக்கியத்தைப் பார்த்தால் படித்ததாகத் தெரியவில்லை. ஒரு பக்கம்கூட வராத கடிதம் அது. டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம். அதைப் படிக்காமல், அதைப் பற்றி யாரோ எழுதியதைப் படித்துவிட்டு, அதன் பெயரால் ஒரு முடிவை நிறுவப் பார்த்திருக்கிறீர்கள். இதுதான் எனக்குக் கோபம். கடிதத்தை மேற்கோள் காட்டியதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

1968 ஏப்ரல் 4 இதழின் வாசகர் கடிதப் பகுதியில், 796ஆம் பக்கத்தில் அது வந்தது. எழுதியவர் ராபர்ட் ஹோ மான் க்வோக் என்ற மருத்துவர். அமெரிக்காவுக்கு வந்த பிறகு சீன உணவகத்தில், குறிப்பாக வடசீன உணவு பரிமாறும் இடங்களில் சாப்பிடும்போதெல்லாம் தனக்கு விசித்திரமாக ஏதோ நேர்கிறது என்கிறார். முதல் பதார்த்தத்தைச் சாப்பிட்ட 15, 20 நிமிடத்தில் பின்கழுத்து மரத்துப்போகிறது. மரமரப்பு மெல்லக் கைகளுக்கும் முதுகுக்கும் பரவுகிறது. உடம்பு சோர்கிறது, நெஞ்சு படபடக்கிறது. சுமார் 2 மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிடுகிறது.

இது வரை அவர் பார்த்ததை, தன் உடம்பில் நடந்ததைச் சொல்கிறார். ஒரு மருத்துவர் தன் அனுபவத்தை நேரக்கணக்கோடு எழுதியிருக்கிறார். இந்தப் பகுதியை நீங்கள் தாராளமாக மேற்கோள் காட்டலாம். அது எதற்குச் சான்று? க்வோக் என்பவருக்கு இப்படி நேர்ந்தது என்று அவரே சொன்னதற்குச் சான்று, அவ்வளவுதான்.

அடுத்து வருவதுதான் நீங்கள் படித்திருக்க வேண்டிய பகுதி. காரணம் என்ன என்று அவர் யோசிக்கிறார். சோயா சாஸாக இருக்குமோ என்று அவரும் சக ஊழியர்களும் முதலில் நினைத்தார்கள். வீட்டுச் சமையலிலும் அதே வகை சாஸைத்தான் ஊற்றுகிறோம், ஒன்றும் ஆவதில்லையே என்று அதை விட்டுவிட்டார்கள். சமையலில் தாராளமாகச் சேர்க்கும் மதுவாக இருக்கலாம் என்று சிலர் சொன்னார்களாம். வேறு சிலர் மோனோசோடியம் குளூட்டமேட்டைச் சொன்னார்களாம். கவனியுங்கள், உங்கள் அஜினோமோட்டோ இந்தக் கடிதத்துக்குள் நுழைவதே "வேறு சிலர் சொன்னார்கள்" என்ற வாசல் வழியாகத்தான். அதற்குப் பிறகு க்வோக் நீளமாக விளக்குவது இன்னொரு ஊகத்தை. உணவில் இருக்கும் அதிகப்படி உப்பே இதற்கெல்லாம் காரணமாக இருக்கலாம், சாப்பிட்ட பிறகு தாகம் எடுப்பதும் அதனால்தான் இருக்கும், குளூட்டமேட் அதைக் கொஞ்சம் கூட்டிவிடலாம் என்கிறார். அவர் மனம் சாய்ந்தது உப்பின் பக்கம். கடைசியில், இதை ஆராய எங்களிடம் ஆளில்லை, மருத்துவ நண்பர்கள் யாராவது மேற்கொண்டு விசாரிப்பார்களா என்று கேட்டு முடிக்கிறார்.

ஆராய ஆளில்லை என்று சொல்லி முடிகிற கடிதத்தை "ஆய்வு நிறுவிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் எழுதிய ஒவ்வொரு "இருக்கலாம்" வழியிலேயே உதிர்ந்துபோய், உங்கள் கைக்கு வரும்போது தீர்ப்பாகிவிட்டது. உங்களுக்கு முன்னால் எத்தனையோ பேர் அதை உதிர்த்தார்கள். நீங்கள் மூலத்தைத் திறந்து பார்த்திருந்தால் அது உங்களோடு நின்றிருக்கும்.

கடிதத்தின் மேலே "சீன உணவக நோய்க்குறி" என்று தலைப்பு இருந்தது. கடிதத்தின் உள்ளே அந்தப் பெயர் இல்லை. விசித்திரமான நோய்க்குறி என்றுதான் அவர் சொல்கிறார். உலகம் முழுக்கப் பரவியதோ தலைப்பு. அடுத்த மாதமே இன்னும் பல மருத்துவர்களின் கடிதங்கள் அதே இதழில் வந்தன. நியூயார்க் டைம்ஸ் அதைச் செய்தியாக்கியது. மருத்துவர்கள் இப்படிக் கடிதம் எழுதிக்கொள்கிறார்கள் என்பது செய்திதான், அதில் பிழையில்லை. ஆனால் கடிதத்திலிருந்த ஊகம் செய்தித்தாளின் முதுகில் ஏறிவிட்டால், வாசிப்பவருக்கு அது விசாரித்து எழுதிய விஷயம்போலத் தெரியும். பத்திரிகை விசாரித்தது கடிதங்கள் வந்தனவா என்பதை. கழுத்து ஏன் மரத்தது என்பதை அல்ல.

தலைப்பைப் பற்றி நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. இளம் வயதில் ஒரு நாளிதழின் வாசகர் கடித மேசையில் வேலை பார்த்தேன். இன்லண்ட் லெட்டரிலும் கிழித்த நோட்டுத்தாளிலும் வரும் கடிதங்களைப் பிரித்து, மூன்று பத்திகளை ஒன்றாகச் சுருக்கி, மேலே ஒரு தலைப்பு வைத்து அச்சுக்கு அனுப்புவோம். எழுதியவர் அந்தத் தலைப்பை முதன்முதலாகப் பார்ப்பது காலையில் டீக்கடையில். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தங்கள் ஊர் ஏரியில் மீன்கள் செத்து மிதப்பதாக எழுதியிருந்தார். எந்த மதகருகே, எந்தக் கிழமையில் பார்த்தார் என்றெல்லாம் இருந்தது. கடைசி வரியில், "மேல்புறத்துப் பட்டறைக் கழிவாக இருக்குமோ என்று ஊரார் ஐயப்படுகிறார்கள், அதிகாரிகள் நீரைப் பரிசோதிக்க வேண்டும்" என்றிருந்தது. அன்றைய தலைமை உதவி ஆசிரியர் வைத்த தலைப்பு, "பட்டறைக் கழிவால் மீன்கள் சாவு". சில வாரங்களில் ஒரு துண்டறிக்கையில் எங்கள் பத்திரிகையின் "செய்தி" என்று அது மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. கடிதம் எழுதிய அந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் துண்டறிக்கையை மடித்து எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். "தம்பி, நான் கேட்டது பரிசோதனை. இனிமே யாரும் பரிசோதிக்க மாட்டாங்க, பேப்பர்லயே வந்துட்டுதேன்னு சொல்லிடுவாங்க" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் எழுதிய கடிதம் அருமையான சான்று. எந்த நாளில் எந்த மதகில் மீன் செத்தது என்று கண்ணால் கண்டவர் சொன்னது. அதைக் குப்பையாக்கியது, அவருடைய ஐயத்தை எங்கள் பத்திரிகையின் முடிவாக எடுத்துக் காட்டிய அந்த ஒரு வரி.

அதனால், செ., கடிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் வாக்கியத்தை மாற்றுங்கள். இப்படி எழுதிப் பாருங்கள்: "சீன உணவகங்களில் சாப்பிட்ட சிறிது நேரத்தில் தனக்குப் பின்கழுத்து மரத்துப்போவதாக மருத்துவர் ராபர்ட் ஹோ மான் க்வோக் 1968இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழுக்கு எழுதிய கடிதத்தில் தெரிவித்தார். சமையல் மது, மோனோசோடியம் குளூட்டமேட், அதிக உப்பு ஆகியவற்றைச் சாத்தியமான காரணங்களாகக் குறிப்பிட்ட அவர், உப்புக்கே கூடுதல் இடம் தந்தார்." எழுதியவர் பெயர், கடிதம் என்ற வகை, எது அனுபவம், எது ஊகம் எல்லாம் வாக்கியத்துக்குள்ளேயே இருக்கின்றன. கடிதம் என்பதை அடிக்குறிப்பில் மட்டும் ஒளித்துவைக்காதீர்கள், அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை. ஆனாலும் அங்கேயும் எழுதுங்கள்: க்வோக், ராபர்ட் ஹோ மான், ஆசிரியருக்குக் கடிதம், இதழின் பெயர், தொகுதி 278, 4 ஏப்ரல் 1968, பக். 796.

இனி அஜினோமோட்டோ உடம்பை என்ன செய்கிறது என்றுதான் நீங்கள் சொல்ல வேண்டுமென்றால், ஆய்வுகளிடம் போங்கள். 1969இல் சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. அது குளூட்டமேட்டைத்தான் காரணமாகச் சொன்னது. உங்களுக்குச் சாதகமான அந்தக் கட்டுரையை விட்டுவிட்டுக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள் என்பது இன்னும் வருத்தம். பிறகு 2000இல், தங்களுக்கு இது ஒத்துக்கொள்ளாது என்று சொன்ன 130 பேரை வைத்து, எது குளூட்டமேட், எது வெற்று மாற்று என்று கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் தெரியாதபடி சோதித்தார்கள். வெறும் வயிற்றில் பெரிய அளவு கொடுத்தபோது சிலருக்கு அறிகுறி தெரிந்தது. அவர்களையே மறுபடி சோதித்தபோது அது ஒரே மாதிரி வரவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள், உங்கள் அத்தியாயம் வேறு மாதிரி ஆகிவிடும்.

இந்தக் கடிதத்துக்கு இன்னொரு கிளைக்கதையும் உண்டு. ஹோவர்ட் ஸ்டீல் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், அந்தக் கடிதத்தைப் பந்தயத்துக்காக விளையாட்டாக எழுதியதே நான்தான் என்று தன் முதுமையில் சொல்லிவந்தார். அது அச்சிலும் வந்தது. 2019இல் ஒரு அமெரிக்க வானொலி நிகழ்ச்சிக்காரர்கள் தேடிப் போனார்கள். ராபர்ட் ஹோ மான் க்வோக் உண்மையிலேயே வாழ்ந்த மருத்துவர் என்று தெரிந்தது. கடிதம் அவருடையதுதான் என்று அவர் குடும்பத்தார் உறுதிப்படுத்தினார்கள். ஸ்டீல் சொன்னது ஒருவரின் கூற்று. வானொலிக்காரர்கள் க்வோக்கின் வீட்டார் வரை போய்க் கேட்டார்கள். அதைத்தான் விசாரிப்பது என்று சொல்கிறோம்.

உங்கள் நடுப்பக்கக் கட்டுரை வரியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதை "நாளிதழ் கூறுகிறது" என்று எழுதியிருந்தீர்கள் என்றால் நெறியாளர் அடித்தது சரி. நாளிதழின் கருத்து தலையங்கத்தில் மட்டும்தான் இருக்கும். நடுப்பக்கத்தில் பேசுபவர் கட்டுரையாளர், அவர் பெயரைச் சொல்லித்தான் எழுத வேண்டும். அதிலும் நீங்கள் எடுத்தது அவருடைய நிலைப்பாடு என்றால் அவர் பெயரோடு அப்படியே வைத்துக்கொள்ளலாம். புள்ளிவிவரம் என்றால் அவர் அதை எங்கிருந்து எடுத்தாரோ அங்கே போய் நீங்களே பாருங்கள். இணையத்தில் படித்திருந்தால், பகிரும்போது பக்கத்தின் பெயர் கழன்றுபோயிருக்கும். மூலப் பக்கத்தைத் திறந்து, "கருத்து" என்றோ "சிறப்புக் கட்டுரை" என்றோ மேலே போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஊர்ப் பெயரோடும் தேதியோடும் தொடங்கி, ஒவ்வொரு கூற்றையும் யார் சொன்னது என்று சொல்லிச் செல்வது பெரும்பாலும் செய்தி. கட்டுரையின் அடியில் எழுத்தாளரைப் பற்றி ஒரு வரிக் குறிப்பு இருந்தால் பெரும்பாலும் கருத்து.

அந்த வரி நிலைப்பாடா, புள்ளிவிவரமா என்று உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. அதை நெறியாளரிடம் காட்டிக் கேளுங்கள். போகும்போது க்வோக் கடிதத்தின் நகலையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.